தாண்ட முடியாத மாடி

போன கோடை விடுமுறையில் ஒரு சின்ன விளையாட்டு எழுதினேன். மொட்டை மாடிகளின் மேல் ஒரு பையன் தானாகவே ஓடிக்கொண்டிருப்பான். திரையைத் தொட்டால் தாவுவான். ஒரு மாடி முடிந்ததும் இடைவெளி, அதைத் தாண்டினால் அடுத்த மாடி. இதற்கு முடிவே கிடையாது. விழும் வரை ஓட வேண்டும், எத்தனை மீட்டர் ஓடினான் என்பதே மதிப்பெண். யோசனை என்னுடையது அல்ல. 2009இல் ஆடம் சால்ட்ஸ்மன் வெளியிட்ட கானபால்ட் என்ற விளையாட்டில் ஒருவன் இப்படித்தான் கட்டடக் கூரைகள் மேல் ஓடுவான். பிறகு வந்த டெம்பிள் ரன், சப்வே சர்ஃபர்ஸ் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவைதான். நான் செய்தது கானபால்ட்டை நம் ஊர் மாடிக்குக் கூட்டிவந்தது மட்டுமே. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, குறுக்கே ஓடும் குழாய் என்று வரைந்து வைத்தேன்.

அக்கா மகள் ஆறாம் வகுப்பு. அவளிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். இரண்டாவது மாடியிலேயே விழுந்தாள். மறுபடி விளையாடினாள், முதல் மாடியிலேயே விழுந்தாள். ஐந்தாவது முறை கைப்பேசியை என் மடியில் வைத்துவிட்டு, "மாமா, இதைத் தாண்டவே முடியாது. நீங்க தாண்டிக் காட்டுங்க" என்றாள்.

நானும் விழுந்தேன். விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்வரை காத்திருந்து, மிகச் சரியாகத் தாவியும் விழுந்தேன். அவள் சொன்னது புகார் இல்லை, கணக்கு. அந்த இடைவெளியை யாராலும் தாண்ட முடியாது.

இந்த வகை விளையாட்டுகளில் பாதையை யாரும் முன்கூட்டி வரைந்து வைப்பதில்லை. ஓட ஓட, திரையின் வலது ஓரத்துக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிரல் அடுத்த துண்டைச் செய்து வைக்கிறது. மாடி எவ்வளவு நீளம், அதற்கு முன் எவ்வளவு இடைவெளி என்பதைக் குலுக்கல் முறையில் எடுக்கிறது. நான் கொடுத்திருந்த கட்டளை எளிமையானது: இடைவெளி 3 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்குள் ஏதாவது ஒரு எண். எழுதும்போது நியாயமாகத்தான் தெரிந்தது.

இனி பையனைப் பார்ப்போம். அவன் தாவும்போது மேல்நோக்கிய வேகம் நொடிக்கு 12 மீட்டர். ஈர்ப்பு அவனைக் கீழே இழுப்பது நொடிக்கு நொடி 30 மீட்டர். (பூமியின் ஈர்ப்பு 9.8தான். அதை அப்படியே வைத்தால் பையன் பலூன்போல மிதப்பான், விளையாட உப்புச்சப்பு இருக்காது. அதனால் விளையாட்டுகளில் ஈர்ப்பைக் கூட்டி வைப்பது வழக்கம்.) மேலே போக 12ஐ 30ஆல் வகுத்தால் 0.4 நொடி, கீழே வர இன்னொரு 0.4 நொடி. ஆக, அவன் காற்றில் இருப்பது 0.8 நொடி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இது வரும்.

தொடக்கத்தில் அவன் ஓடும் வேகம் நொடிக்கு 6 மீட்டர். 0.8 நொடி காற்றில் இருந்தால் 4.8 மீட்டர் கடப்பான். அவ்வளவுதான். நிரலோ 3இலிருந்து 8 வரை குலுக்குகிறது. 4.8க்கு மேல் வரும் எதுவும் சாவு. அந்த ஐந்து மீட்டர் வீச்சில் 3.2 மீட்டர் சாவுப் பகுதி, அதாவது நூற்றுக்கு 64. மூன்று இடைவெளிகள் அடுத்தடுத்துத் தாண்டக்கூடியவையாக அமைய வாய்ப்பு நூற்றுக்கு 5கூட இல்லை. என் அக்கா மகள் நன்றாகவே விளையாடியிருக்கிறாள்.

சரி, மேல் எல்லையை 4.5 மீட்டராகக் குறைத்துவிட்டால் போதுமே? போதாது. இந்த வகை விளையாட்டின் உயிரே வேகம் ஏறிக்கொண்டே போவதுதான். சில நிமிடங்களில் பையன் நொடிக்கு 15 மீட்டரில் பறப்பான். காற்றில் இருக்கும் நேரம் மாறாது, அதே 0.8 நொடி. ஆனால் கடக்கும் தூரம் இப்போது 12 மீட்டர். 12 மீட்டர் தாவுகிறவனுக்கு 4 மீட்டர் இடைவெளி ஒரு வாய்க்கால் மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு தாவலாம்.

அதைவிட விநோதமான ஒன்றும் நடக்கும். இடைவெளி 3 மீட்டர், அடுத்த மாடியின் நீளம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் தாவியவன் 12 மீட்டர் தள்ளி இறங்க வேண்டும். 3 மீட்டர் இடைவெளி, 6 மீட்டர் மாடி, மொத்தம் 9. அவன் மாடியையே தாண்டி, அதற்கு அடுத்த பள்ளத்தில் விழுவான். இடைவெளி சின்னதாக இருந்ததால் செத்தான். முதல் நிமிடத்தில் எட்டாமல் விழுந்தவன் ஐந்தாவது நிமிடத்தில் எட்டிப்போய் விழுகிறான். எல்லை எண் ஒன்றுதான், வேகம் மாறியதும் இரண்டு பக்கமும் அது தப்பாகிவிட்டது.

ஆக, இடைவெளியை மீட்டரில் யோசித்ததுதான் என் பிழை. ஓடுகிறவனுக்கு மீட்டர் தெரியாது, நேரம்தான் தெரியும். "இதைத் தாண்ட அவனுக்கு எத்தனை நொடி ஆகும்" என்று கேட்டால் கேள்வி நேராகிவிடுகிறது. அவன் 0.8 நொடி காற்றில் இருப்பான் என்றால், எந்த வேகத்திலும் இடைவெளி 0.8 நொடிக்குள் கடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மீட்டர் வேண்டுமானால் அப்போதைய வேகத்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

ஆனால் முழு 0.8ஐயும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விளிம்பின் கடைசி நுனியில், மயிரிழை பிசகாமல் தாவுகிற மனிதர் கிடையாது. சிறிது முன்னாலேயே தாவிவிடுவோம். அந்தப் பிசகுக்கு இடம் விட வேண்டும். நான் எண்பத்தைந்து விழுக்காடு எடுத்தேன். 0.8இல் அது 0.68 நொடி, மிச்சம் 0.12 நொடி விளையாடுபவரின் பிசகுக்கு. நிரலில் இது நான்கே வரி:

```
airTime = 2 * jumpVelocity / gravity
maxGap  = speed * airTime * 0.85
minGap  = maxGap * 0.4
gap     = random(minGap, maxGap)
```

வேகம் 6 என்றால் அதிகபட்ச இடைவெளி 4.08 மீட்டர். வேகம் 10இல் 6.8, வேகம் 15இல் 10.2. குறைந்தபட்சமும் கூடவே ஏறுகிறது: 6இல் 1.6 மீட்டர், 15இல் 4.1. குலுக்கல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது குலுக்கும் கூடை வேகத்தோடு சேர்ந்து நகர்கிறது.

மாடியின் நீளத்துக்கும் இதே கணக்கு வேண்டும். விளிம்பில் தாவியவன் எங்கே இறங்குவான் என்று தெரியும். இறங்கியபின் அடுத்த விளிம்பைப் பார்த்து, முடிவெடுத்து, விரலை அசைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் தர வேண்டும். நான் அரை நொடி தந்தேன். ஆகவே தாவிய விளிம்பிலிருந்து அடுத்த மாடியின் கடைசி விளிம்பு வரை குறைந்தது 0.8ம் 0.5ம் சேர்ந்து 1.3 நொடித் தூரம் இருக்க வேண்டும். அதில் இடைவெளியைக் கழித்தால் மாடியின் குறைந்தபட்ச நீளம். வேகம் 15, இடைவெளி 4.1 என்றால் மாடி 15.4 மீட்டர். வேகம் 6, இடைவெளி 1.6 என்றால் 6.2 மீட்டர் போதும். மாடியைத் தாண்டிப் பறந்து சாகும் கூத்து இதோடு நின்றது.

மாடிகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறினால் 0.8 என்ற எண்ணே மாறிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாடி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் பையன் முழுதாகக் கீழே வருவதற்கு முன்பே தரை வந்துவிடுகிறது. காற்றில் இருக்கும் நேரம் சுமார் 0.65 நொடியாகச் சுருங்கும். ஒன்றரை மீட்டர் பள்ளத்தில் இருந்தால் 0.91 நொடியாக நீளும். அதனால் முதலில் உயரத்தைக் குலுக்க வேண்டும், அதற்கேற்ற நேரத்தைக் கணக்கிட வேண்டும், கடைசியில்தான் இடைவெளி. இந்த வரிசை தலைகீழானால் உயரமான மாடிகள் மட்டும் எட்டாமல் போகும். சமமான மாடிகளில் சோதித்துப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம்.

இது எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை. இணையம் அறுந்தால் குரோம் உலாவியில் ஒரு டைனோசர் நிற்குமே, 2014இலிருந்து இருக்கும் அந்த விளையாட்டிலும் இதே யோசனைதான். அங்கே பள்ளத்துக்குப் பதில் கள்ளிச்செடி. அதன் நிரல் குரோமியம் திட்டத்தில் எல்லோரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. இரண்டு கள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் என்று தீர்மானிக்கும் பகுதி இவ்வளவுதான்:

```
minGap = round(width * speed + typeMinGap * gapCoefficient)
maxGap = round(minGap * 1.5)
return random(minGap, maxGap)
```

வரிகளைச் சுருக்கியிருக்கிறேன், கணக்கு அதேதான். சின்னக் கள்ளியின் அகலம் 17 பிக்சல். அதற்கான அடிப்படை இடைவெளி 120, அதன் பெருக்கெண் 0.6, ஆக 72 பிக்சல் எப்போதும் உண்டு. டைனோசர் தொடங்கும் வேகம் ஒரு ஃப்ரேமுக்கு 6 பிக்சல். ஃப்ரேம் என்பது திரையில் நொடிக்கு 60 முறை மாறும் படம். 17ஐ 6ஆல் பெருக்கி 72ஐக் கூட்டினால் 174. ஆகவே அடுத்த கள்ளி 174 பிக்சலுக்கு முன்னால் வரவே வராது. ஒன்றரை மடங்கான 261க்கு மேல் தள்ளியும் போகாது. டைனோசரின் உச்ச வேகம் 13. அப்போது அதே கள்ளிக்குக் குறைந்தபட்சம் 293 பிக்சல்.

இந்த எண்களை நேரமாக மாற்றிப் பார்த்தால்தான் எழுதியவரின் கைவண்ணம் தெரியும். தொடக்கத்தில் 174 பிக்சலைக் கடக்க 29 ஃப்ரேம், கிட்டத்தட்ட அரை நொடி. உச்ச வேகத்தில் 293ஐக் கடக்க இருபத்திரண்டரை ஃப்ரேம். தூரம் கூடுகிறது, ஆனால் வேகம் கூடிய அளவுக்குக் கூடவில்லை. அதனால் நேரம் மெல்ல இறுகுகிறது. வெறும் வேகத்தால் பெருக்கியிருந்தால் ஆட்டம் கடைசி வரை ஒரே கடினத்தில் இருந்திருக்கும். கூட்டிய அந்த 72தான் வித்தை. வேகம் ஏற ஏற அதன் பங்கு தேய்கிறது, மூச்சு வாங்குகிறது. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இரட்டைக் கள்ளி, மூன்று கள்ளி வந்தால் அகலம் கூடுகிறது, அதற்குப் பின்னால் வரும் வெற்றிடமும் தானாகவே நீள்கிறது. பெரிய தாவலுக்குப் பிறகு நீண்ட ஓய்வு. இவ்வளவும் ஒரே வரியில்.

இதையெல்லாம் படித்து என் நிரலையும் திருத்திவிட்டு, அக்கா மகளிடம் பெருமையாகக் கைப்பேசியைக் கொடுத்தேன். நன்றாக ஓடினாள். இருபது மாடிக்கு மேல் போனாள். பிறகு, "மாமா, மறுபடியும் தாண்ட முடியாதது வந்துருச்சு."

எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கு பொய் சொல்லாதே. "நீ சீக்கிரமே தாவியிருப்ப" என்றேன். "இல்ல மாமா, குழாய்ல இடிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் தாவினேன். விளிம்புலதான் தாவினேன்."

இப்படிப்பட்ட சண்டையைத் தீர்க்க ஒரே வழி, பதிவேடு. ஒவ்வொரு மாடியும் உருவாகும்போது அந்த நொடியின் வேகத்தையும் இடைவெளியையும் குறித்துவைத்தேன். பையன் தாவும்போது அவன் வேகத்தையும் குறித்தேன். கூடவே குலுக்கலின் விதை எண்ணையும். அதே விதை எண்ணைக் கொடுத்தால் நிரல் அதே எண்களை அதே வரிசையில் தரும். அவள் விழுந்த ஓட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்க அது உதவும். அன்று மாலையே அவள் மறுபடி விழுந்தாள். பதிவேட்டில் இருந்தது இதுதான்: மாடி உருவானபோது வேகம் 10, இடைவெளி 6.5 மீட்டர். தாவியபோது வேகம் 7.4.

வேகம் 10க்கு 6.5 மீட்டர் நியாயமான இடைவெளி. எல்லை 6.8. ஆனால் மாடி உருவானது அவள் அங்கே வருவதற்கு முன்னால், திரைக்கு வெளியே. அதற்கும் தாவலுக்கும் நடுவே விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி ஒரு குழாய் இருந்தது. குழாயில் தடுக்கினால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, நூற்றுக்கு முப்பது போகும் என்று நானே எழுதிவைத்திருந்தேன். 10 என்பது 7 ஆனது. முக்கால் மீட்டரில் கொஞ்சம் வேகம் பிடித்து 7.4 ஆனது. 7.4ஐ 0.8ஆல் பெருக்கினால் 5.9 மீட்டர். இடைவெளியோ 6.5. அவள் விளிம்பின் நுனியில் தாவியிருந்தாலும் விழுந்திருப்பாள்.

"அப்போதைய வேகம்" என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எப்போதைய வேகம்? இடைவெளியைச் செய்யும் நேரத்து வேகமா, தாவும் நேரத்து வேகமா? குரோம் டைனோசருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது தடுக்கினால் ஆட்டம் முடிந்தது, வேகம் ஒருபோதும் குறையாது. கள்ளியைச் செய்தபோது இருந்த வேகத்தைவிட அதை அடையும்போது வேகம் சற்றே கூடுதலாக இருக்கும், குறைவாக இருக்காது. வேகம் குறையக்கூடிய விளையாட்டில்தான் வில்லங்கம். கானபால்ட்டில் பெட்டிகளில் இடித்தால் ஓட்டம் தளரும். என் விளையாட்டில் குழாய்.

இதன் இன்னொரு முகம் ஊக்க மருந்து. பல விளையாட்டுகளில் ஒரு பொருளை எடுத்தால் சில நொடிகளுக்கு வேகம் பாய்ந்து ஏறும். அந்தச் சில நொடிகளில் திரைக்கு வெளியே செய்யப்படும் இடைவெளிகள் பாயும் வேகத்துக்கு அளந்தவை. ஓடுபவன் அங்கே போய்ச் சேரும்போது மருந்து தீர்ந்திருக்கும். எதிரே அகழி. இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் எப்போதோ ஒருமுறைதான் வரும், அதுவும் நன்றாக விளையாடியவருக்குத்தான் வரும். விளையாடுபவர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார், அல்லது செயலியை நீக்கிவிடுவார். இரண்டிலுமே எழுதியவருக்குச் செய்தி வராது.

குழாயை விளிம்பிலிருந்து தள்ளி வைத்தால் போதுமா என்று முதலில் பார்த்தேன். என் பையன் நொடிக்கு நொடி 4 மீட்டர் வேகம் கூட்டிக்கொள்வான். 7இலிருந்து மறுபடி 10க்கு வர அவனுக்கு சுமார் 6.4 மீட்டர் ஓட்டம் தேவை. மாடியின் கடைசி ஆறரை மீட்டரில் குழாய் வைக்காமல் விட்டால் சரியாகிவிடும். ஆனால் வேகம் 15இல் தடுக்கினால் 10.5 ஆகிறது, அதிலிருந்து 15க்குத் திரும்ப 14 மீட்டருக்கு மேல் வேண்டும். மாடியே 15 மீட்டர்தான். வேகமான கட்டத்தில் குழாய் வைக்கவே இடம் இராது. தடைகள் அதிகம் வேண்டிய கட்டத்தில் தடைகள் காணாமல் போகும். இது சரிப்படவில்லை.

கடைசியில் செய்தது வேறு. புதிய இடைவெளியைச் செய்யும்போது, பையனுக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே இன்னும் எத்தனை குழாய்கள் மீதி இருக்கின்றன என்று நிரல் பார்க்கும். அவன் ஒவ்வொன்றிலும் தடுக்குவான் என்று வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடுக்கலுக்கும் முப்பது விழுக்காடு கழித்து, அடுத்த குழாய் வரை கூடும் வேகத்தைச் சேர்த்து, விளிம்பில் அவன் மிகக் குறைவாக என்ன வேகத்தில் இருக்கக்கூடும் என்று கணக்கிடும். இடைவெளியின் மேல் எல்லை அந்த வேகத்துக்குத்தான். வேகம் 15, விளிம்புக்கு 5 மீட்டர் முன்னால் ஒரு குழாய் என்றால் மிகக் குறைந்த வேகம் 12.3 அளவில் வரும். அதற்கேற்ற அதிகபட்ச இடைவெளி 8.3 மீட்டர். 10.2க்குப் பதில் 8.3. குழாயில் தடுக்காதவருக்கு அது கொஞ்சம் எளிது, அது இருந்துவிட்டுப் போகட்டும். ஊக்க மருந்து இருந்தால் அது தரும் கூடுதலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மாடியின் நீளத்துக்கு மட்டும் இதற்கு நேர் எதிர். அங்கே பையன் மிக அதிகமாக என்ன வேகத்தில் வரக்கூடும் என்று பார்க்க வேண்டும், மருந்தோடு சேர்த்து. இல்லாவிட்டால் பறந்துபோய் அடுத்த பள்ளத்தில் விழும் பழைய கதை. இடைவெளிக்குக் குறைந்த வேகம், தரைக்கு அதிக வேகம். ஒரே வேகத்தை இரண்டுக்கும் போட்டிருந்ததுதான் என் நிரலின் கோளாறு.

இன்னும் இரண்டு இடத்தில் சறுக்கினேன். முதலாவது, தூரத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது என்பது. விளையாட்டு எழுதும் கருவிகளில் ஒரு பொருளின் இடம் என்றால் வழக்கமாக அதன் நடுப்புள்ளி. அடுத்த மாடியை "14 மீட்டர் தள்ளி வை" என்றால் நடுவிலிருந்து நடுவுக்கு 14. இரண்டும் 12 மீட்டர் மாடிகளானால் நடுவே 2 மீட்டர் பள்ளம், இரண்டும் 6 மீட்டரானால் 8 மீட்டர் பள்ளம். நாம் கொடுத்த எண் ஒன்றே, வரும் பள்ளம் நான்கு மடங்கு மாறுகிறது. டைனோசரின் நிரலில் இதைக் கவனமாகச் செய்திருக்கிறார்கள்: முந்தைய கள்ளியின் இடம், அதன் அகலம், அதன் இடைவெளி மூன்றையும் கூட்டிய பிறகே அடுத்தது வரும். விளிம்பிலிருந்து விளிம்பு.

இரண்டாவது, மலிவான கைப்பேசி. நிரல் தாவலைத் தொடர்ச்சியாகக் கணக்கிடுவதில்லை, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கணக்கிடுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு பையனை நகர்த்துவது வழக்கமான முறை. இதனால் காற்றில் இருக்கும் நேரம் ஒரு ஃப்ரேம் அளவு குறைந்துவிடும். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கைப்பேசியில் 0.8 என்பது 0.783 ஆகிறது, யாருக்கும் தெரியாது. 30 ஃப்ரேம்தான் ஓடும் கைப்பேசியில் 0.767. வேகம் 15இல் அரை மீட்டர் இழப்பு. நான் விட்டுவைத்த 0.12 நொடிச் சலுகை அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் அந்தச் சலுகை விளையாடுபவருக்கு விட்டது, கைப்பேசிக்கு அல்ல. ஓட்டத்தையும் தாவலையும் திரையோடு சேர்க்காமல், மாறாத சிறு நேரத் துண்டுகளில் கணக்கிட வைப்பதே தீர்வு. யூனிட்டி போன்ற கருவிகளில் அதற்கென்றே தனி வசதி உண்டு, அதன் இயல்பான துண்டு 0.02 நொடி. அப்படிச் செய்த பிறகும் காகிதச் சூத்திரத்தை நம்பாமல், பையனை ஒருமுறை சமதரையில் தாவவிட்டு அவன் உண்மையில் எவ்வளவு நேரம் காற்றில் இருந்தான் என்று அளந்து அந்த எண்ணையே போட்டேன்.

விளிம்பைத் தாண்டி ஓரிரு ஃப்ரேம் கடந்த பிறகும் தாவலை ஏற்றுக்கொள்ளும் ஒரு கருணையும் பல விளையாட்டுகளில் உண்டு. கார்ட்டூனில் மலைமுகட்டைத் தாண்டியும் சில கணம் அந்தரத்தில் ஓடும் ஓநாயின் பெயரால் அதைக் 'கொயோட்டி நேரம்' என்பார்கள். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இடைவெளிக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் அது கருணை இல்லை, நிபந்தனை.

எல்லாம் சரியா என்று சிறுமியையே வைத்துச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் மனிதர் இல்லாமல் தானே விளையாடும் சிறு நிரல்கள் இரண்டு எழுதினேன். ஒன்று எல்லாக் குழாய்களையும் தாண்டும், விளிம்புக்கு ஒரு ஃப்ரேம் முன்னால் தாவும். மற்றொன்று எல்லாக் குழாய்களிலும் தடுக்கும், ஆனால் தாவும் இடத்தில் தப்பு செய்யாது. படம் வரையாமல் கணக்கை மட்டும் ஓட்டினால் ஒரு லட்சம் மாடிகள் ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். இந்த இரண்டில் எது விழுந்தாலும் குற்றம் பாதை செய்த நிரலுடையதுதான், ஏனென்றால் இவை பதறுவதில்லை. பழைய நிரலில் தடுக்கும் ஆள் சில மாடிகளிலேயே விழுந்தான். புதியதில் இருவருமே ஒரு லட்சத்தைக் கடந்தார்கள்.

வேகத்தையும் 15இல் நிறுத்திவிட்டேன். என் திரையில் பையனுக்கு முன்னால் 16 மீட்டர்தான் தெரியும். வேகம் 24 ஆனால் அதிகபட்ச இடைவெளி 16 மீட்டரைத் தாண்டுகிறது. கணக்குப்படி தாண்டக்கூடியதுதான், ஆனால் இறங்கப்போகும் மாடி கண்ணிலேயே படாது. டைனோசருக்கும் 13 என்ற உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். அதன் திரை அகலம் 600 பிக்சல். அந்த வேகத்தில் திரையின் ஓரத்தில் தலைகாட்டும் கள்ளி முக்கால் நொடிகூட ஆவதற்குள் காலடிக்கு வந்துவிடும்.

திருத்திய விளையாட்டை அவளிடம் கொடுத்து இரண்டு வாரம் ஆயிற்று. என் மதிப்பெண்ணை எப்போதோ தாண்டிவிட்டாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். தாவித் தப்பக்கூடிய குழாய்களில்கூடப் போய் இடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஒன்றல்ல, வரிசையாக.

"ஏன் வேணும்னே இடிக்கிற?"

"இடிச்சா மாடியெல்லாம் கிட்ட கிட்ட வந்துடுது மாமா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.